மூன்று ‘நான்’களுக்கு மேல் கூடாது

எங்கள் கடையில் ஒரு சட்டம் இருந்தது. போட்டது அரசாங்கம் இல்லை, நானேதான். தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் அறிமுகக் குறிப்பில், எல்லாரும் ‘பயோ’ என்று சொல்வார்களே, அதில் ‘நான்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியம் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றைத் தாண்டினால் சிவப்புப் பேனா இறங்கிவிடும்.

கடை மலேசியாவின் கெடா மாநிலத்தில், அலோர் ஸ்டாரின் மெர்கோங் பகுதியில், ஒரு கிளினிக்குக்கும் கார் கழுவும் இடத்துக்கும் நடுவில். தோழி நடத்துகிறாள். முன்பக்கம் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் படம், பைண்டிங். பின்பக்கம் காற்றாடிக்குக் கீழே என் மேசை. பதினான்கு வருடம் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள் நான். பிள்ளைகள் குறைந்ததும் முதல் ஆளாக என்னைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அதை ஊரார் எழுதிக்கொண்டு வருகிற ஆங்கிலத்தின் மேல் இறக்கிவைக்க ஒரு நாற்காலி கிடைத்தது, அவ்வளவுதான்.

வேலை செய்யும் முறை இது. எழுதிக்கொண்டு வந்ததை ஒரு தாளில் அச்சடித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லை மட்டும் வட்டம் போடுவேன். பிறகு வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் மேலிருந்து கீழே வாய்விட்டுப் படிப்பேன். “ஐ, ஐ, ஐ, மை, ஐ, ஐ.” கேட்கிற ஆளே சிரித்துவிடுவார். எழுதும்போது தெரியாதது காதில் விழும்போது தெரிந்துவிடும். அப்புறம்தான் திருத்தம். சிலவற்றில் காலத்தை முன்னால் கொண்டுவருவேன்: ‘பத்து வருடமாக நான்’. சிலவற்றில் இடத்தை முன்னால் வைப்பேன். துண்டு துண்டாக நிற்கும் இரண்டு வாக்கியங்களை ஒன்றாகக் கட்டினால் ஒரு ‘ஐ’ தானாகக் குறையும். இப்படிச் செய்தால் ‘ஐ’ எங்கேயும் ஓடிப்போகாது. முன் சீட்டை விட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சுலபமான வழி ஒன்றும் இருக்கிறது. ‘ஐ’யை அப்படியே துடைத்துவிடுவது. ‘செய்யப்பட்டது’, ‘மேற்கொள்ளப்பட்டது’, ‘குழுவாக’ என்று போட்டால் வாக்கியம் டை கட்டிக்கொண்டு நிற்கும். யார் செய்தார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது. தமிழில் ‘பார்த்தேன்’ என்றால் போதும், ஆள் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பார். ஆங்கிலத்தில் துடைத்தால் துடைத்ததுதான். இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் பாடமே நடத்தியிருக்கிறேன். தெரிந்தும் செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அக்கா ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்தார். ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, தோள் மட்டும் அகலம். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சி அலோர் ஸ்டாரில் இருக்கிறது. அவர்கள் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு பணிப்பெண்ணுக்கும் ஒரு படம், படத்துக்குக் கீழே அவரே பேசுவது மாதிரி ஆங்கிலத்தில் ஒரு பயோ. நூற்றைம்பது சொல். நோயாளியின் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, இவர் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பார்கள்.

“ஏஜென்சி பொண்ணு சொல்லிச்சு, ஐ நெறையா இருக்காம். பெருமை பேசுற மாதிரி இருக்காம். உங்ககிட்ட குடுத்து சரி பண்ணிட்டு வரச் சொல்லிச்சு டீச்சர்.”

அந்த ஏஜென்சிப் பெண்ணை எனக்குத் தெரியும். முப்பது வயது, தமிழ்ப் பெண், பிரிண்ட் வேலை எல்லாம் எங்களிடம்தான் கொடுப்பாள்.

கோப்புக்குள் இருந்த தாளை அக்காவின் தம்பி மகள் டைப் செய்திருந்தாள். பதினேழு வாக்கியம். பதினாறில் ‘ஐ’ முதலில். அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். நான் பதினெட்டு வருடம் பால் வெட்டினேன். நான் ஜித்ராவில் ஒரு ரிட்டையர்ட் டீச்சரைப் பதினோரு வருடம் பார்த்தேன். நான் அவரைத் தனியாகத் தூக்குவேன். நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைத்தேன். நான் முதுகில் புண் வர விடவில்லை. நான் காலில் இருந்த சர்க்கரைப் புண்ணை ஆற வைத்தேன். நான் அவர் கண்ணை மூடினேன். ‘ஐ’ இல்லாமல் தொடங்கிய ஒரே வாக்கியம் கடைசி வாக்கியம்: என் கை சுத்தம்.

வழக்கம்போல வட்டம் போட்டு, வழக்கம்போல வாய்விட்டுப் படித்தேன். “ஐ, ஐ, ஐ, ஐ...” அக்கா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். சபையில் யாரோ திட்டின மாதிரி முகம் சுருங்கிப்போயிற்று. அப்போதே பேனாவை மூடியிருக்க வேண்டும். என் வாய் எங்கே சும்மா இருந்தது?

“ஒவ்வொண்ணா சொல்லுங்கக்கா, நான் அழகா மாத்திடுறேன்” என்றேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஜித்ராவில் அந்தச் சீன டீச்சரம்மா வீட்டில் ஒரு சின்ன அறை அவருக்கு. பதினோரு வருடமும் அதுதான் வீடு. டீச்சரம்மா போன பிறகு பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். இப்போது தம்பியின் இரண்டறை பிளாட்டில் ஹாலில் படுக்கை. தம்பி மனைவி நேராக எதுவும் சொல்வதில்லை. காலையில் பாயைச் சுருட்டும்போது, “எப்பக்கா கூப்பிடுவாங்களாம்?” என்று மட்டும் தினமும் கேட்பாளாம். ஆகவே அக்காவுக்கு வேண்டியது வேலை மட்டும் இல்லை. தங்கி வேலை செய்கிற இடம். ஒரு வீட்டார் தேர்ந்தெடுத்தால்தான் தலைக்கு மேல் கூரை.

“அந்தக் கால் புண்ண எப்படி ஆத்துனீங்க?”

“மிஸி வாரம் ஒரு தடவ வருவாங்க டீச்சர். நாங்க மருந்து வச்சி கட்டுவோம். ரொம்ப சூசா லா. நாலு மாசம் ஆச்சு எங்களுக்கு.”

மிஸி என்றால் நர்ஸ், சூசா என்றால் கஷ்டம். ‘நாங்க’ என்று அக்கா சொன்னார். தூக்குவதைக் கேட்டேன், அதற்கும் ‘நாங்க’. திருப்பிப் படுக்க வைப்பதைக் கேட்டேன், அதற்கும் ‘நாங்க’. நான் படித்துக் காட்டிய பிறகு அவர் வாயிலிருந்து ‘நான்’ ஒன்றுகூட வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். எங்கள் லயத்தில் எந்தப் பொம்பளையும் தான் ஒருத்தியாகச் செய்ததை ‘நான் செய்தேன்’ என்று சொல்ல மாட்டாள். தனியாளாக மூன்று பிள்ளையை வளர்த்த என் அம்மா, “நாங்க வளத்தோம்” என்றுதான் சாகும்வரை சொன்னாள். அந்த ‘நாங்க’வில் வேறு யாரும் கிடையாது என்பது எங்கள் காதுக்குத் தெரியும். ‘நான்’ என்றால் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்துவிடும் என்கிற பயம், வேறென்ன. இதெல்லாம் தெரிந்த நான் அன்றைக்கு அதைக் கேட்டு என்ன செய்தேன்? மேசையில் இன்னும் நாலு பேருடைய வேலை கிடந்தது. அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது, பதினாறு ‘ஐ’யும் மடமடவென்று உதிர்ந்தன.

முடிந்தபோது பயோ இப்படி நின்றது: தோட்ட வாழ்க்கை கடின உழைப்பைக் கற்றுத் தந்தது. ஜித்ராவில் ஒரு முதிய ஆசிரியையின் பராமரிப்பு, வருகை தரும் தாதியுடன் இணைந்து, பதினோரு ஆண்டுகள் மேற்கொள்ளப்பட்டது. முறையாகத் திருப்பிப் படுக்க வைத்ததால் படுக்கைப் புண் தவிர்க்கப்பட்டது. காலில் இருந்த புண் குழுவாக ஆற்றப்பட்டது. அவருடைய கடைசி நேரம் அமைதியாக இருந்தது. ‘என் கை சுத்தம்’ என்பதை, சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது என்று அடித்துவிட்டேன்.

‘ஐ’ என்று ஆரம்பிக்கும் வாக்கியம் ஒன்றே ஒன்று. ‘நான் கடினமாக உழைப்பவள்’ என்பது மாதிரி நானே சேர்த்த ஒரு பொது வாக்கியம், அது யாருக்கும் பொருந்தும். என் சட்டத்தை நானே மிஞ்சிவிட்ட சந்தோஷத்தில் அக்காவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

“நல்லா இருக்கு டீச்சர். பெரிய எடத்து ஆளு எழுதின மாதிரி இருக்கு” என்றார்.

பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ஏஜென்சிப் பெண் பிரிண்ட் எடுக்க வந்தாள். அக்கா எங்கே சேர்ந்தார் என்று சும்மா கேட்டு வைத்தேன்.

“எங்க சேர்ந்தாங்க? ஒருத்தரும் எடுக்கல. ஜித்ராவுலேயே ஒரு பேமிலி, அவங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக். நான்தான் இவங்கள சொன்னேன். பயோவ படிச்சிட்டு போன் பண்ணாங்க. இவங்க டீமோட வேலை செஞ்ச ஆளு, புண்ணெல்லாம் நர்ஸ் பார்த்திருக்காங்க, எங்களுக்குத் தனியா தூக்குற ஆளு வேணும்னு சொல்லி வேற ஆளப் போட்டுட்டாங்க.”

“தனியாத்தானே தூக்கினாங்க! ஏன்மா நீ சொல்லல?”

“சொன்னேன்லா. பயோவுல அப்படி இல்லையேன்னு கேட்டாங்க. நான் என்ன பண்றது?”

அவள் கேட்டதில் தப்பில்லை. தப்பு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. இன்னும் இரண்டு குடும்பங்களும் அதே மாதிரி படித்துவிட்டுப் பேசாமல் போய்விட்டன என்றாள். பிரிண்ட் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

பழைய தாளைத் தேடினேன். வட்டம் போட்ட தாள், நல்ல வேளை, கட்டுக்குள் கிடந்தது. கடை மூடும்வரை காத்திருக்காமல், மத்தியானமே மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அதை எடுத்தேன். இந்தத் தடவை அவர் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் பக்கத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். தமிழில் சொன்னால்:

‘ஜித்ராவில் ஒரு வீட்டில் பதினோரு வருடம், எழுந்து நடக்க முடியாத ஓர் ஆசிரியையை நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டேன். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தினமும் அவரைத் தனியாகத் தூக்கி வைப்பேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைத்ததால் முதுகில் ஒரு நாளும் புண் வந்ததில்லை. ராத்திரியிலும் நான் எழுந்துகொள்வேன். காலில் சர்க்கரைப் புண் வந்தபோது, நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி நாலு மாதம் மருந்து கட்டி ஆற வைத்தேன். அவர் இறந்தபோது பக்கத்தில் இருந்தேன், கண்ணை மூடியதும் நான்தான். என் கை சுத்தம்.’

ஆங்கிலத்தில் அதில் ‘ஐ’ ஏழோ எட்டோ இருந்தது. வாக்கியத்தின் தலையில் நின்றது இரண்டுதான். மற்றவையெல்லாம் காலத்துக்குப் பின்னால், இடத்துக்குப் பின்னால், இரண்டு வாக்கியத்தைக் கட்டிய முடிச்சுக்குப் பின்னால் இருந்தன. பெருமை பேசுவது மாதிரியும் இல்லை. யார் செய்தது என்று யாரும் கேட்கவும் முடியாது. இதற்கு எனக்கு ஆன நேரம் முக்கால் மணி. முதல் தடவையே அந்த முக்கால் மணியைக் கொடுத்திருக்கலாம்.

அக்கா தம்பி வீட்டில் இல்லை. தம்பி மனைவி கதவைப் பாதி திறந்து, கோலா கெடாவுக்கு மீன் ஆயப் போய்விட்டார் என்றாள். அங்கே மீன் பாசாரில் தேடிப் பிடித்தேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். விரல் எல்லாம் ஊறி வெளுத்திருந்தது, கட்டைவிரலில் ஒரு வெட்டு, அதில் பிளாஸ்திரி. மீன் கடைக்காரியின் வீட்டுப் பின்புறம் சாமான் வைக்கிற அறையில் படுக்கிறாராம், இன்னும் இரண்டு பெண்களோடு.

நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்புக் கேட்டு வழக்கமில்லாத வாய், தடுமாறிற்று. “நான் தப்பா எழுதிட்டேன்கா. நீங்க நாங்க நாங்கன்னு சொன்னத அப்படியே போட்டுட்டேன்.”

“ஐயோ டீச்சர், நீங்க என்ன பண்ணுவீங்க. நான்தானே சொன்னேன்.”

புதுசைத் தமிழில் படித்தேன். அக்கா கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார். ‘நான் ஒருத்தியே’ என்கிற இடத்தில் நெளிந்தார். அக்கம்பக்கம் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தார். கால் புண் வந்ததும் நெளிவது நின்றுவிட்டது. முடிந்த பிறகு, “அந்தக் கண்ண மூடுன எடத்த இன்னொரு வாட்டி படிங்க” என்றார். படித்தேன்.

“ஆமா. அவங்க பிள்ளைங்க யாரும் அப்ப இல்ல. நான் மட்டும்தான் இருந்தேன்” என்றார். கண்ணைத் துடைக்க முடியவில்லை, கையெல்லாம் மீன். தோளில் துடைத்துக்கொண்டார்.

“இத போடவா?”

“போடுங்க டீச்சர்.”

அன்றைக்கே ஏஜென்சிப் பெண்ணுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் ஏற்றிவிடுவேன் என்றாள். ஏற்றவில்லை. இணையப் பக்கத்தில் ஒரு எழுத்து மாற்றவும் பினாங்கில் இருக்கும் மேனேஜர் தலையாட்ட வேண்டுமாம், அவர் லீவாம். தினமும் போன் செய்தேன். “ஏன்க்கா, அவங்க உங்க சொந்தக்காரங்களா?” என்று கேட்டாள். பக்கம் மாறியபோது மூன்று வாரம் ஓடியிருந்தது.

மாறிய நாலாம் நாள் ஒரு வீட்டார் கேட்டுவிட்டார்கள். அலோர் ஸ்டாரிலேயே, வயதான அம்மா, தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஆள்தான் வேண்டும், வேறு படமே காட்டாதே என்றார்களாம். ஏஜென்சிப் பெண்ணே சந்தோஷமாகப் போன் போட்டுச் சொன்னாள். நான் கடை என்றும் பார்க்காமல் கையைத் தட்டிவிட்டேன். தோழி முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அக்காவின் போன் எடுபடவில்லை. அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று மலாயில் ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லிற்று. மறுநாள் கோலா கெடாவுக்குப் போனேன். அவர் நின்ற இடத்தில் வேறொரு பெண் நின்று மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அவங்க போயி ஒரு வாரம் ஆச்சு” என்றாள் கடைக்காரி. “கையில வெட்டு பழுத்துப்போச்சு. தண்ணியில கைய வைக்க முடியல. தெற்கே ஜோகூர்ல ஏதோ பேக்டரி கிளீனிங்னு வேன் வந்துச்சு, ஏறிப் போயிட்டாங்க. போன் ஐஸ் பெட்டிக்குள்ள விழுந்து எப்பவோ போச்சு.”

“எந்த பேக்டரி? யார் வேன்?”

“எனக்கு என்னம்மா தெரியும்? வேன் வரும், ஏறுவாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீங்கதான் டீச்சரா? வந்தா சொல்லச் சொன்னாங்க. அந்தப் பேப்பர் நல்லா இருந்துச்சாம்” என்றாள்.

தம்பிக்கும் தெரியவில்லை. போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னாராம், கூப்பிடவில்லையாம். அவர் முகத்தில் கவலை இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தம்பி மனைவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், வெளியே வரவில்லை.

அந்தப் பக்கம் அப்படியே இணையத்தில் இருந்தது. அக்காவின் படம், கீழே என் முக்கால் மணி நேர வேலை. மேலும் இரண்டு வீட்டார் கேட்டார்கள். இத்தனை பேர் கேட்கிற பயோவை வைத்துக்கொண்டு ஆள் இல்லையென்றால் ஏஜென்சி எத்தனை நாள் சும்மா இருக்கும்? அந்தப் பெண் ஒரு நாள் கடைக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, இன்னொருத்தவங்க புதுசா சேர்ந்திருக்காங்க. அவங்களும் இதே மாதிரிதான், வயசானவங்கள பார்த்தவங்க. அந்தப் பயோவ கொஞ்சம் மாத்தி அவங்களுக்குப் போட்டுத் தர்றீங்களா? வருஷத்த மட்டும் குறைச்சிட்டு...”

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது அவங்க வாழ்க்கை, உங்க ஏஜென்சியில நிரப்புற ஃபாரம் இல்லை என்று கத்தினேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த மலாய்க்காரப் பெரியவர் பயந்து ஒதுங்கி நின்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த வாரம் கடை வாட்ஸ்அப்பில் ஏஜென்சியிலிருந்து ஒரு பைல் வந்தது. மூன்று பிரதி, கலர், வீட்டாரிடம் காட்ட. தோழி பின்பக்கம் அனுப்பிவிட்டாள். திறந்தேன். புதுப் படம், நாற்பது வயது இருக்கும், வட்ட முகம். கீழே ஒவ்வொரு வாக்கியமும் தெரிந்த வாக்கியம். ஜித்ரா சுங்கை பட்டாணி ஆகியிருந்தது. பதினோரு வருடம் ஆறு வருடம் ஆகியிருந்தது. நாலு மாதம் மருந்து கட்டியது அப்படியே இருந்தது. கண்ணை மூடியதும் அப்படியே இருந்தது. அதைச் செய்தது மட்டும் வேறு ஆள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தெருக்கோடியில் இன்னொரு பிரிண்ட் கடை இருக்கிறது. தோழிக்கு மாதா மாதம் வருகிற வேலை போகும். இப்படியெல்லாம் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, விரல் பொத்தானை அழுத்திவிட்டது. மூன்று பிரதியும் நன்றாக வந்தன.

அந்த வட்ட முகப் பெண், அக்காவைக் கேட்ட அதே அலோர் ஸ்டார் வீட்டிலேயே சேர்ந்துவிட்டாளாம். வீட்டார் ரொம்ப நல்லவர்கள் என்று ஏஜென்சிப் பெண் சொன்னாள். தங்குவதற்குக் கட்டில், அலமாரி, ஜன்னலோடு தனி அறை கொடுத்திருக்கிறார்கள்.